யார் கை எழுதிய ‘அ’

விஜயதசமிக் காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி நடந்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மூன்று வயதுக் குழந்தைகள் யார் மடியிலாவது உட்கார்ந்துகொண்டு, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். குழந்தையின் ஆட்காட்டி விரலை ஒரு பெரிய கை பிடித்திருக்கிறது, எழுதுவது அந்தக் கை. பெரும்பாலும் அது அப்பாவின் கை, தாத்தாவின் கை, இல்லையென்றால் குருக்களின் கை. அம்மா ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பெரிய கை அம்மாவுடையதாகிவிடுகிறது. இரவு எட்டரை மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த ஈரம் காய்வதற்குள் டயரியைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டிங் லைன் ஒரு பக்கம், ஸ்லீப்பிங் லைன் ஒரு பக்கம், அடுத்த வாரம் ஸ்லாண்டிங் லைன். தூக்கத்தில் தலை சாயும் குழந்தையின் கையைப் பிடித்து நான்கு கோட்டு நோட்டில் எழுதித் தீர்க்க வேண்டும். எழுத்தறிவித்தல் சடங்காக இருக்கும்போது ஆணிடம் இருக்கிறது, வேலையாக மாறியதும் பெண்ணிடம் வந்துவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தைப் பேசாமல், மூன்று வயதுக்கு விளையாட்டுப் பள்ளியா எழுதப் படிக்க வைக்கும் பள்ளியா என்று லஸ் முனையிலும் பாண்டி பஜாரிலும் அடையாறு காந்தி நகரிலும் நடக்கிற வாக்குவாதத்தை என்னால் வெறும் கல்விமுறைச் சர்ச்சையாகப் பார்க்க முடியவில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் பென்சிலால் எழுத்து எழுத வைக்கக் கூடாது. அதே சமயம், இதைச் சொல்கிற விளையாட்டுப் பள்ளிகளில் பலவற்றோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

கையிலிருந்து தொடங்குகிறேன். குழந்தை வளர்ச்சியை அளப்பவர்கள் எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு வடிவத்தைக் காட்டி, ‘இதே மாதிரி போடு’ என்பார்கள். மூன்று வயதுக் குழந்தை ஏறத்தாழ ஒரு வட்டம் போடும். கூட்டல் குறியைப் பார்த்துப் போட நான்கு வயதாகிறது. சதுரம் நான்கு, நான்கரையில் வரும், முக்கோணம் ஐந்தை ஒட்டி. கோடுகளில் சாய்கோடுதான் பிந்தியது. குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம், வரிசை பெரிதாக மாறுவதில்லை.

இப்போது நம் ‘அ’வை எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு சுழி, அதிலிருந்து இடப்பக்கமாக இறங்கும் வளைவு, கீழே திரும்பி நடுவில் கடந்து வலப்பக்கம் போகும் கோடு, கடைசியில் ஒரு நிமிர்ந்த கோடு. ஒரே எழுத்துக்குள் கை பலமுறை திசை மாற வேண்டும், போட்ட கோட்டைத் தானே கடக்க வேண்டும். கூட்டல் குறியே இன்னும் போட வராத கையிடம் இதைக் கேட்கிறோம். ஆங்கிலத்தின் முதல் எழுத்தும் சளைத்ததில்லை, இரண்டு சாய்கோடுகள் உச்சியில் முட்ட வேண்டும். கைக்கு எளியவை என்று பார்த்தால் ‘ட’வும் ‘ப’வும்தான் முன்னால் வர வேண்டும். தொல்காப்பியம் எழுத்துகளை அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று வரிசை செய்தது ஒலியின் இலக்கணத்துக்காக. மூன்று வயது விரலை மனத்தில் வைத்து அது சூத்திரம் செய்யவில்லை.

விளையாட்டுப் பள்ளிக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு எக்ஸ்ரே படத்தைக் காட்டுவார்கள். மணிக்கட்டில் எட்டு எலும்புகள், மூன்று வயதில் ஏறத்தாழ மூன்றுதான் படத்தில் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு, ஆகவே எழுதக் கூடாது என்பார்கள். எட்டாவது எலும்பு தெரிய ஒன்பது, பத்து வயதாகும். அதுவரை எழுத வேண்டாம் என்று அவர்களே சொல்ல மாட்டார்கள். படம் உண்மை, வாதம் நொண்டி. சிக்கல் எலும்பில் இல்லை. தோள் நிலையாக நிற்க வேண்டும், மணிக்கட்டு தாளில் ஊன்ற வேண்டும், பிறகு மூன்று விரல்கள் மட்டும் தனியாக அசைய வேண்டும். மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் எழுதுகோலை முஷ்டியிலோ எல்லா விரல்களாலுமோ பிடித்து, முழங்கையிலிருந்து கையை ஆட்டிக் கோடு போடுகிறார்கள். அந்த வயதுக்கு அதுதான் சரி.

அப்போது நோட்டில் திணித்தால் என்ன ஆகிறது என்பதை அருகில் உட்கார்ந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறி இறுகுகிறது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தம். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறது. எழுத்தை எழுதாமல் படமாக வரைகிறது, ‘அ’வைக் கீழிருந்து தொடங்குகிறது, நிமிர்ந்த கோட்டை முதலில் போட்டுவிட்டு மற்றதை ஒட்டவைக்கிறது. தப்பான வரிசையில் பழகிய எழுத்தை ஆறு வயதில் மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். அம்மா கையைப் பிடித்து எழுதிய பக்கத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். கோடு அழகாக இருக்கும், குழந்தையின் கண் தாளில் இருக்காது. கை எழுதிக்கொண்டிருக்கும்போது அது பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் இந்த நோட்டு ஏன் ஒழியவில்லை? பாடச்சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-லேயே, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் முறைப்படிப் புகட்டுவதை வன்முறை என்கிற அளவில் வைத்துப் பேசியது. முப்பது வருடம் ஆகிவிட்டது. நோட்டு ஒழியாததற்குக் காரணம், அது ரசீது. கட்டிய பணத்துக்கு ரசீது, அதைவிட முக்கியமாக, அம்மா வேலை செய்தாள் என்பதற்கு ரசீது. எதிர்வீட்டு மாமி என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். “இன்னும் ஏபிசிடி எழுத வைக்கலியா?” தமிழ் வாத்தியார் என்பதால் எனக்கு வினைச்சொல் காதில் குத்துகிறது. எழுதுகிறாளா என்றால் தன்வினை, எழுத வைத்தாயா என்றால் பிறவினை. நம் வீடுகளில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தன்வினை கிடையாது. சாப்பிட வைத்தாயா, தூங்க வைத்தாயா, எழுத வைத்தாயா. எழுவாய் எப்போதும் அம்மா. விசாரணையில் நிற்பவளும் அவள்தான், நோட்டு அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழ். மண்ணில் விளையாடிய காலைப்பொழுதுக்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது, துவைக்க வேண்டிய உடுப்புதான் வீட்டுக்கு வரும்.

என் சித்தி மகள் மந்தைவெளியில் இருக்கிறாள். தி. நகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலை ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். மகனுக்கு மூன்று முடிந்ததும் இரண்டு பள்ளிகளைப் பார்த்தாள். அடையாறு பக்கம் ஒன்று, முழுக்க விளையாட்டு. மரக்கட்டைகள், மணல், தண்ணீர்த் தொட்டி, தரையில் உட்கார்ந்து பேசுகிற ஆசிரியைகள். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நேரம் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை. வாரம் ஒருநாள் பெற்றோர் வந்து கதை சொல்ல வேண்டும். தின்பண்டத்தை வீட்டில் செய்துதான் அனுப்ப வேண்டும், பாக்கெட் கூடாது. நிர்வாகி அம்மையார் கேட்ட முதல் கேள்வி: “அம்மா வீட்லதானே இருக்கீங்க?”

இன்னொன்று வீட்டிலிருந்து நடக்கும் தூரம். நான்கு கோட்டு நோட்டு, மாதத் தேர்வு, ஆங்கில ரைம்ஸ், எல்லாம் உண்டு. வேனும் உண்டு, மாலை ஆறரை வரை மேல்மாடியில் குழந்தைக் காப்பகமும் உண்டு. “அக்கா, எனக்கு வெளையாட்டு ஸ்கூல்தான் புடிச்சுது. ஆனா பன்னெண்டரைக்கு யாருக்கா போய்க் கூட்டிட்டு வருவா?” என்றாள். பையனை நோட்டுப் பள்ளியில் சேர்த்தாள். அவள் கல்விமுறையைத் தேர்ந்தெடுத்ததாக யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். அவள் தேர்ந்தெடுத்தது காப்பகத்தை, நோட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் விளையாட்டுக்குக் கொடி பிடிப்பது நேர்மையில்லை. எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் ஒருவர் சொன்னார்: “உங்க புள்ளைங்க வெளையாடிக்கிட்டே டாக்டர் ஆயிடும் மேடம். எங்க புள்ளைங்க வெளையாடினா வெளையாடிக்கிட்டேதான் இருக்கும்.” பேத்தியின் ஆங்கில நர்சரிக்குச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கட்டுகிறவர் அவர். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட வீட்டுக்கு அந்த நோட்டு சும்மா ஒரு நோட்டு இல்லை. குளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் எழுத்து எப்போதும் இருந்தது. அங்கே வளர்ந்தவர்கள் எழுத்துக்கு அவசரமில்லை என்று உபதேசம் செய்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்.

சீக்கிரம் தொடங்குவதால் லாபமில்லை என்று காட்டும் ஆய்வுகளுக்கும் இந்த எல்லை உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் சுகேட்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஐந்து வயதில் படிக்கக் கற்ற குழந்தைகளையும் ஏழு வயதில் கற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினோரு வயது வாக்கில் வாசிப்புத் திறனில் வித்தியாசம் இல்லை. ஆனால் தாமதமாகத் தொடங்கியவர்கள் ஸ்டைனர் பள்ளிக் குழந்தைகள், அந்த வருடங்களில் கதையும் பேச்சும் பாட்டும் அவர்களைச் சுற்றி நிறைந்திருந்தன. எழுத்தைத் தள்ளிப்போட்ட இடத்தில் மொழி இருந்தது. மொழியையும் சேர்த்துத் தள்ளிப்போட்டால் இந்த முடிவு பொருந்தாது. துப்புரவுப் பணியாளரின் பேத்திக்கு நர்சரியில் கிடைப்பதைப் பாருங்கள். வீட்டில் யாரும் பேசாத மொழியில் இருபத்தாறு வடிவங்கள், ஆப்பிளுக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று. கதை கிடையாது. கேள்வி கேட்க அவளுக்கு அந்த மொழி தெரியாது. மறுக்கப்பட்ட எழுத்தை அந்த நர்சரி திருப்பித் தரவில்லை, அதன் வெளிக்கோட்டை வரைய வைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறது.

இதே கோரிக்கையோடு எழுதத் தெரியாத அம்மாக்கள் ஒருமுறை மரியா மாண்டிசோரியிடம் போனார்கள். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது எழுதப் படிக்கக் கற்றுத்தரும் திட்டமே இல்லை. இரண்டு மூன்று தாய்மார் வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் ‘குழந்தைகள் விளையாடட்டும்’ என்று திருப்பி அனுப்பவும் இல்லை, நோட்டு வாங்கிவரச் சொல்லவும் இல்லை. எழுதுதல் என்ற ஒற்றை வேலையைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தார்.

சிறு குமிழ் வைத்த உருளைகளை மூன்று விரலால் தூக்கிக் குழியில் பொருத்துவது ஒரு விளையாட்டு. அதில் விரல்கள் எழுதுகோலைப் பிடிக்கத் தயாராகின்றன. உலோகச் சட்டத்துக்குள் வடிவத்தைச் சுற்றி வண்ணக்கோலால் வரைந்து உள்ளே கோடுகளால் நிரப்புவது இன்னொன்று. எழுத்தே இல்லாமல் கோட்டின்மேல் கட்டுப்பாடு வருகிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவியபடி அதன் ஒலியைச் சொல்வது மூன்றாவது. எழுத்தின் போக்கு விரலுக்கும், ஒலி காதுக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்கிறது. வெட்டியெடுத்த எழுத்துகளைத் தரையில் அடுக்கிச் சொல் அமைப்பது நான்காவது. இதில் எழுதாமலேயே எழுதுகிறது குழந்தை. இவையெல்லாம் சேர்ந்த பிறகு ஒருநாள் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. மாண்டிசோரியிடம் எழுத்து இருந்தது, மூன்று வயது முஷ்டியில் திணித்த பென்சில் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள், விரல் முதலில் என்பது நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. ஐந்தில் வளையாதது என்றுதானே பழமொழியும் சொல்கிறது? மூன்றில் என்று சொல்லவில்லை.

இதே மாண்டிசோரி 1939 நவம்பரில் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னைக்கு வந்து, அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதங்களுக்கென்று வந்தவரை யுத்தம் பிடித்து வைத்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆனார். மகன் மாரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், ஆகஸ்டில் தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவித்தார்கள். அடையாறு வட்டாரத்தில் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இது: அந்த மாரியோ திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டால் 1898-இன் ரோமில் ஒரு பெண் மருத்துவராகத் தொடர முடியாது என்பதால், கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுத்தார். மகன் அவரோடு வந்து சேர்ந்தபோது பதின்வயதாகிவிட்டது. உலகத்துக் குழந்தைகளுக்குக் கல்விமுறை வகுத்தவருக்குத் தன் குழந்தையின் மூன்று வயது வாய்க்கவில்லை. அவரைச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பள்ளி, “அம்மா வீட்லதானே இருக்கீங்க?” என்று கேட்கிறது.

சான் லொரென்ஸோ இல்லத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த கால அட்டவணை காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அமைந்த இல்லம் அது. அங்கேயே சாப்பாடு, குளியல். தாய்மையின் வேலையைச் சமூகம் பொதுவில் ஏற்றுக்கொள்கிறது என்று அவர் அந்த நாட்களிலேயே பேசினார். உருளைகளையும் உப்புத்தாள் எழுத்துகளையும் இறக்குமதி செய்துகொண்ட நாம் அந்த நான்கு மணியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தையின் பையில் நான்கு கோட்டு நோட்டை அனுப்பும் மாண்டிசோரிகள் தி. நகரில் உண்டு.

நம் ஊரிலும் இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972-இல் பள்ளி முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை தந்தது. மூன்று ஆண்டுகளில் அங்கன்வாடித் திட்டம் வந்தது. விளையாட்டு வழிக் கல்விக்குக் கையேடு எழுதிய அவர்தான், வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவை இரண்டும் ஒரே கேள்வி. நாம்தான் ஒன்றை அடையாறுக்கும் மற்றதை அரசாங்கத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

அங்கன்வாடியில் நோட்டுக் கொடுமை குறைவு, பாடத்திட்டத்தின் பெயரிலேயே ஆட்டமும் பாட்டும் இருக்கிறது. இல்லாதது ஆள். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பார்க்க வேண்டும். மிச்ச நேரத்தில் குழந்தைகளோடு விளையாட வேண்டும். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதிக்கு அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்து, ஒன்றரை வருடம் கழித்து அளந்தார்கள். கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் மொழியும் கணக்கும் முன்னேறின. ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு அந்த வேலைக்கு நேரம் கிடைத்தது. மந்திரம் எதுவும் நடக்கவில்லை, இன்னொரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

விளையாட வைப்பது அவிழ்த்து விடுவது என்று நினைப்பதால்தான் அந்தச் சம்பளம் இவ்வளவு குறைவாக இருக்கிறது. பிளாஸ்டிக் சறுக்கு மரமும் ரைம்ஸ் ஓடும் டிவியும் இருந்தால் விளையாட்டுப் பள்ளி ஆகிவிடாது. பன்னிரண்டு குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு பெயரையும் அசை பிரித்துக் கைதட்டச் செய்து, ‘ப’வில் தொடங்கும் பொருளைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி, பேசாத குழந்தை பேசும்வரை காத்திருக்கிற ஆசிரியை வாசிப்பின் அடித்தளத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று வயதில் படிப்பு அவ்வளவுதான், ஆனால் அது படிப்பு. பொறுக்கிப் பிரிக்கப் புளியங்கொட்டை கொடுக்கலாமா, வாயில் போட்டுத் தொண்டையில் சிக்குமா, அதற்குப் பதில் ஜாதிக்காய் அளவில் என்ன கொடுப்பது என்பதெல்லாம் அவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ‘எழுதப் படிக்க’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். காதுக்கான படிப்பை மூன்றில் தொடங்கலாம், கைக்கான எழுத்து ஐந்து வரை பொறுக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டியதால் ஒரு பக்கம் நோட்டு வந்தது, இன்னொரு பக்கம் எழுத்தென்றாலே தீட்டு என்கிற விளையாட்டுப் பள்ளி வந்தது.

பள்ளி பார்க்கப் போகும் பெண்களிடம் நான் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைகள் இன்று காலை என்ன பேசினார்கள்? நோட்டைப் பற்றிக் கேட்டால் காட்டிவிடுவார்கள், பேச்சைப் பற்றிக் கேட்டால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். மாலை ஆறு மணிவரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், அவரும் காலை ஆசிரியையைப் போலப் பயிற்சி பெற்றவரா? அவர்களுக்கு என்ன சம்பளம்? முதல் இரண்டுக்கும் தட்டுத்தடுமாறியாவது பதில் வருகிறது. என் சித்தி மகள் மூன்றாவதைக் கேட்டபோது, “அது நிர்வாக விஷயம் மேடம்” என்றார்களாம். அருகில் நின்ற ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம்.